ஆசிரியர் இல்லாத மூன்று மூலைகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



ஆசிரியர் பயிற்சியிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அதில் பெரும்பகுதி ஓராசிரியர் பள்ளிகளுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதுதான். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். தாளில் அது ஈராசிரியர் பள்ளி. ஒரு பணியிடம் காலியாக இருந்தாலோ, தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போனாலோ, இன்னொருவர் பயிற்சிக்கோ மகப்பேறு விடுப்புக்கோ போனாலோ அன்று அது ஓராசிரியர் பள்ளிதான்.

இப்பள்ளிகளுக்காக உலகின் பல பகுதிகளில் உருவான வழி, பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, அறையின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு வேலையை வைத்து, குழுக்களை முறைவைத்துச் சுற்றவிடுவது. கொலம்பியாவில் 1970களில் ‘எஸ்குவேலா நுவேவா’ என்ற பெயரில் கிராமப்புறப் பல்வகுப்புப் பள்ளிகளில் வேரூன்றிய முறையிலும் கற்றல் மூலைகள் உண்டு. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா இணையர் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் உருவாக்கினார்கள். அது கர்நாடகத்தில் ‘நலி கலி’ ஆனது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கும் அதுவே மூலம். தரையில் பாய், தாழ்நிலைக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல் எல்லாம் இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வரலாற்றை நான் விரிக்கப் போவதில்லை. ஒரே ஒரு கருத்தை நிறுவ வந்திருக்கிறேன். நான்கு மூலைகள் உள்ள அறையில் ஆசிரியர் ஒரு மூலையில்தான் இருக்க முடியும். மற்ற மூன்றில் நடப்பதுதான் இந்த முறையின் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்கிறது. ஆசிரியரைக் கேட்காமலே தொடங்கவும், தவறைக் கண்டுபிடிக்கவும், முடிக்கவும் கூடிய வேலை அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பயிற்சிகளோ பெரும்பாலும் ஆசிரியர் இருக்கும் மூலையைப் பற்றியே பேசுகின்றன.

1. முதலில் நிமிடக் கணக்கு

ஒரு நாளில் கற்பிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 300 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தினால் ஒரு வகுப்புக்கு 60 நிமிடம்தான் கிடைக்கும். எல்லாப் பாடமும் அதற்குள் அடங்க வேண்டும். மீதி 240 நிமிடம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது? பார்த்து எழுதுகிறது. எழுதியதையே இன்னொரு முறை எழுதுகிறது. பக்கத்து வகுப்புப் பாடத்தை வேடிக்கை பார்க்கிறது. வேடிக்கை பார்ப்பதிலும் கற்றல் உண்டு என்பதை மறுக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் பெருக்கலைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்ட இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான்கு மணி நேரத்தை அதை நம்பி விட முடியாது.

இதே நாளில் காலை 90 நிமிடம் தமிழுக்கும் இடைவேளைக்குப் பின் 90 நிமிடம் கணக்குக்கும் மூலைச் சுற்று வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லோரும் கூடி அன்றைய வேலையைக் கேட்க 6 நிமிடம். நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 18 நிமிடம். இடையில் மூன்று மாற்றம், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். ஆக 90. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியரோடு ஐந்தாறு பேராக முகம் பார்த்து உட்காரும் நேரம் ஒரு பாடத்துக்கு 18 நிமிடம் கிடைக்கிறது. மற்ற 54 நிமிடம் ஆசிரியர் இல்லாத மூலைகளில் போகிறது. கதை, பாட்டு, சூழ்நிலையியல், விளையாட்டு எல்லாம் பள்ளி முழுதும் சேர்ந்து செய்ய 120 நிமிடம் மிஞ்சும். அவற்றை மூலைக்குள் திணிக்க வேண்டியதில்லை.

மாற்றத்துக்கு 4 நிமிடமா என்று கேட்பீர்கள். பொருளை எடுத்த இடத்தில் வைத்து, பலகையைத் துடைத்து, எழுந்து, அடுத்த மூலையில் உட்கார்ந்து, அட்டையைக் கையில் எடுக்க அவ்வளவு ஆகும். அதை 1 நிமிடம் என்று தாளில் போட்டவர்களின் நான்காம் சுற்றைச் சாப்பாட்டு மணி விழுங்கிவிடும். நான்காவதாக ஆசிரியரிடம் வரவேண்டிய குழு அன்று வராமலே போகும். அது பெரும்பாலும் ஒரே குழுவாகவே இருக்கும்.

2. வரிசையில் ஒளிந்திருக்கும் சிக்கல்

22 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியின் கணக்கு நேரத்தை எடுத்துக்கொள்வோம். குழுக்களை வகுப்புவாரியாகப் பிரிக்காமல் நிலைவாரியாகப் பிரிக்கிறோம். சிவப்புக் குழுவில் ஐந்து பேர், 20க்குள் எண்கள். பச்சையில் ஆறு பேர், இனமாற்றம் செய்து கூட்டல். மஞ்சளில் ஆறு பேர், பெருக்கல். நீலத்தில் ஐந்து பேர், வகுத்தலும் பின்னமும்.

மூலைகள் நான்கு. ஒன்று ஆசிரியர் பாய். அடுத்தது பயிற்சி மூலை. மூன்றாவது இருவர் இருவராக விளையாடும் இணை மூலை. நான்காவது தாழ்நிலைக் கரும்பலகை. குழுக்கள் இதே வரிசையில் நகர்கின்றன. ஆசிரியர் பாயில் தொடங்கும் குழு பாடம் கேட்டு, பிறகு பயிற்சி செய்கிறது. சரி. ஆனால் பயிற்சி மூலையில் தொடங்கும் குழுவுக்கு ஆசிரியர் பாய் நான்காவதாக வருகிறது. கேட்காத பாடத்துக்கு அது எப்படிப் பயிற்சி செய்யும்? புதிதாக மூலைகள் வைக்கும் பள்ளிகளில் முதல் நாளே குழப்பம் வருவது இங்கேதான். காரணம் பிடிபடாமல், ‘இந்தப் பிள்ளைகளுக்குத் தானாகச் செய்யத் தெரியவில்லை’ என்று முடிவுகட்டி விடுகிறோம்.

தீர்வு எளிது. பயிற்சி மூலையில் எப்போதும் நேற்றைய பாடம்தான் இருக்க வேண்டும். இன்று பாயில் சொன்னது நாளை பயிற்சிக்கு வரும். எந்தக் குழு எங்கே தொடங்கினாலும் சிக்கல் இல்லை. ஒரு இரவு இடைவெளி விழுவதால் மறந்தது எது, நின்றது எது என்பதும் தெரிந்துவிடும்.

எந்தக் குழு முதலில் ஆசிரியர் பாய்க்கு வருவது? சிவப்புக் குழுதான். சிறு பிள்ளைகளால் தனியாக வேலை செய்ய முடிவது ஏழெட்டு நிமிடம். ஆசிரியர் கையால் தொடங்கிவிட்டால் மீதி மூன்று சுற்றும் அவர்களுக்கு ஓரளவு ஓடும்.

3. தவறைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும்

என் பேச்சின் நடுப்பகுதி இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பச்சைக் குழுச் சிறுமி ஒருத்தி பயிற்சி மூலையில் 38உம் 25உம் கூட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்று சரியாகக் கூட்டுகிறாள். 13ஐ அப்படியே கீழே எழுதுகிறாள். மூன்றும் இரண்டும் ஐந்து. பலகையில் 513 நிற்கிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் யாருக்கும் இந்த விடை புதிதல்ல. ஆசிரியர் அறையின் மறுகோடியில் நீலக் குழுவோடு இருக்கிறார். இப்போது என்ன நடக்கும்?

வழக்கமான அறையில் அவள் எழுந்து, பலகையை நீட்டிக்கொண்டு ஆசிரியரிடம் போவாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ‘டீச்சர், முடிச்சிட்டேன்’, ‘டீச்சர், இது சரியா?’ நீலக் குழுவின் பின்னப் பாடம் அங்கேயே அறுந்துவிடும். ஓராசிரியர் பள்ளிக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆசிரியரைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? நாலைந்து பேர் பலகையோடு நின்றால், மற்ற மூலைகளில் சரிபார்க்கும் வழி இல்லை என்று பொருள்.

வழி இருக்கும் அறையில் அட்டையின் பின்புறம் 63 என்று இருக்கும். தன் விடை ஒத்துவரவில்லை என்று சிறுமிக்குத் தெரிகிறது. ஏன் என்று தெரியவில்லை. அதற்குத் தட்டில் ஈர்க்குச்சிக் கட்டுகள் இருக்கின்றன. பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட கட்டுகளும் உதிரிக் குச்சிகளும். மூன்று கட்டும் எட்டு உதிரியும் ஒரு பக்கம், இரண்டு கட்டும் ஐந்து உதிரியும் மறுபக்கம். சேர்க்கிறாள். உதிரி பதின்மூன்று. பத்து உதிரி சேர்ந்தால் கட்ட வேண்டும் என்பது இணை மூலை விளையாட்டில் அவளுக்குப் பழகிய விதி. கட்டுகிறாள். ஆறு கட்டு, மூன்று உதிரி. பலகையில் இருக்கும் 513ஐ அப்போது திரும்பிப் பார்க்கிறாள்.

எல்லாப் பிள்ளைக்கும் இது நடந்துவிடாது. நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதும் முன்பே பழக்கியிருக்க வேண்டும். முதலில் அட்டையைத் திரும்பப் பார், பிறகு குச்சியை எடு, பிறகு பக்கத்திலிருப்பவரைக் கேள். அப்போதும் புரியாவிட்டால் பலகையைச் சன்னல் ஓரத்தில் பெயரோடு வைத்துவிட்டு, வேறு பலகை எடுத்து அடுத்த அட்டைக்குப் போ. துடைக்கக் கூடாது. மாற்றத்துக்கான நான்கு நிமிடத்தில் ஆசிரியர் சன்னல் பக்கம் ஒரு நடை போய் வருகிறார். மூன்று பலகையில் 513 போன்ற விடை இருந்தால் மறுநாள் பச்சைக் குழுவுக்குப் புதுப் பாடம் கிடையாது, பாயில் குச்சிக் கட்டுதான். எந்தத் தேர்வும் இவ்வளவு வேகமாக இதைச் சொல்லாது.

பின்புறம் விடை இருந்தால் பார்த்து எழுதிவிடுவார்களே என்று பயிற்சிகளில் தவறாமல் ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. மஞ்சள், நீலக் குழுக்களுக்கு அட்டையில் தனித்தனி விடை தர வேண்டாம். ஐந்து கணக்கின் விடைகளையும் கூட்டிய மொத்தத்தை மட்டும் தரலாம். 12×4, 23×3, 14×5, 31×2, 16×3 என்று ஓர் அட்டை. மொத்தம் 297 வரவேண்டும். வராவிட்டால் ஐந்தில் எங்கோ தவறு. எங்கே என்று தேடுவது பிள்ளையின் வேலை, அந்தத் தேடலே இன்னொரு பயிற்சி. பச்சைக் குழுவுக்கு இது ஒத்துவராது, ஐந்து எண்களின் மொத்தமே அவர்களுக்குத் தனிப் பாடமாகிவிடும். சிவப்புக் குழுவுக்கு எண் ஒரு துண்டிலும் அத்தனை புள்ளிகள் இன்னொரு துண்டிலுமாக, வளைத்து வெட்டிய அட்டை போதும். சரியான இணைதான் பொருந்தும்.

4. ஆசிரியர் தாங்கும் அளவு

மூன்று மூலை, நான்கு குழு. ஒரு பாடத்துக்கு நாள்தோறும் பன்னிரண்டு விதமான வேலை தயாரிக்க வேண்டும் என்றால் எந்த ஆசிரியரும் ஒரு மாதம் தாங்கமாட்டார். பல பள்ளிகளில் மூலைகள் ஆடி மாதத்தோடு நின்றுபோவது இதனால்தான்.

நாள்தோறும் மாற வேண்டியது பயிற்சி மூலை மட்டுமே. நான்கு அட்டை. இணை மூலையில் ஒரே விளையாட்டு இரண்டு வாரத்துக்கு இருக்கலாம். இரண்டு பகடை போதும். சிவப்புக் குழு இரண்டையும் கூட்டுகிறது. பச்சைக் குழு இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஈரிலக்க எண்ணாக்கி, இருவர் எண்ணையும் குச்சிக் கட்டுகளால் சேர்க்கிறது. மஞ்சள் பெருக்குகிறது. நீலம் பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்து ஈவும் மீதியும் சொல்கிறது. விளையாட்டு ஒன்றே என்பதால் விதியை ஒருமுறை சொன்னால் போதும். கரும்பலகை மூலையிலும் வேலையின் வடிவம் வாரம் முழுதும் ஒன்றே: நீங்களே ஒரு கணக்குக் கதை எழுதுங்கள், அடுத்த குழு அதைச் செய்யட்டும்.

வேலை முன்னதாக முடிந்தவர் புத்தக அடுக்குக்குப் போகலாம். தண்ணீர் குடிக்கவோ வெளியே போகவோ ஆசிரியரைக் கேட்க வேண்டாம். ஆணியில் தொங்கும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வரலாம். அட்டை ஒன்றே ஒன்று என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும்.

இதையெல்லாம் ஜூன் முதல் நாளே நான்கு மூலையாகத் தொடங்காதீர்கள். முதல் வாரம் இரண்டு மூலை, எட்டு நிமிடச் சுற்று, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த பாடம். அந்த வாரம் நாம் கற்பிப்பது எழுந்து நகர்வது, பொருளைத் திருப்பி வைப்பது, பலகையைச் சன்னலில் விடுவது. இதற்கு இரண்டு, மூன்று வாரம் போகும். பாடம் பின்தங்குகிறதே என்று ஆய்வுக்கு வருபவர் கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆகஸ்டில் அது திரும்பிவிடும்.

5. பிள்ளை ஆசிரியராகும்போது

பிள்ளையே ஆசிரியராவதற்கு இந்தச் சென்னையிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல். நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதை நூலாக்கினார். அந்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்து முழுதும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளிலோ சட்டாம்பிள்ளை அதற்கு முன்பே இருந்தான்.

இரண்டு முறைக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பில் சூட்டிகையான ஒரு பெண் இருப்பாள். மெல்ல மெல்ல அவள் சிவப்புக் குழுவின் நிரந்தர ஆசிரியை ஆகிவிடுவாள். பார்க்க அழகாக இருக்கும், வருகிறவர்கள் பாராட்டுவார்கள். அவளுடைய பின்னப் பாடம் நின்று போயிருப்பது ஆறாம் வகுப்பில்தான் தெரியும். ஆகவே மூன்று எல்லை வேண்டும். உதவும் பிள்ளை நாளில் ஒரு சுற்று மட்டுமே உதவலாம். தன் ஆசிரியர் பாய்ச் சுற்றிலோ பயிற்சிச் சுற்றிலோ அவளைக் கூப்பிடக் கூடாது. வாரந்தோறும் ஆள் மாற வேண்டும்.

குழுவைப் பிரிப்பதிலும் ஆசிரியர் கை இருக்க வேண்டும். பிள்ளைகளே சேர்ந்து உட்காரட்டும் என்று விட்டால் அவர்கள் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். அது எதைக் குறிக்கும் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலைவாரிக் குழுவும் நாளடைவில் உறைந்துபோகும். தமிழுக்கு ஒரு பிரிப்பு, கணக்குக்கு வேறொரு பிரிப்பு என்று தொடக்கத்திலேயே பழக்குங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டையும் கலைத்துப் பாருங்கள். கலைத்த பிறகும் ஒரு பிள்ளைகூட இடம் மாறவில்லை என்றால், ஆசிரியர் பாயில் நடப்பதைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

6. எல்லைகள்

மூலைகளால் முடியாதவை உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் சில மாதம் மொழியும் எழுத்தும் பெரியவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். ஒரு சுற்று 18 நிமிடம் அதற்குப் போதாது. பிற்பகலில் இன்னொரு முறை அவர்களோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். பேச்சு ஆங்கிலத்துக்கும் அட்டை அதிகம் உதவாது, பேசக் கேட்கும் ஆள் வேண்டும்.

இன்னொன்று வெளியிலிருந்து வருவது. மூலைகள் நன்றாக ஓடத் தொடங்கியதும் அறை அமைதியாகிவிடும். பிள்ளைகள் தம் வேலையில் இருப்பார்கள். வருகையைச் செயலியில் ஏற்றுவதும், உணவுக் கணக்கு எழுதுவதும், கேட்ட புள்ளிவிவரத்தை அனுப்புவதும் அந்த அமைதிக்குள் வந்து நுழையும். ஆசிரியர் பாய் பதிவேட்டு மேசையாகிவிடும். சுற்று நடக்கும், ஆனால் நான்கில் ஒரு மூலையில் ஆளிருக்காது. அட்டைகளை நம்பி ஆசிரியர் ஒதுங்கிவிட்டார் என்று செயல்வழிக் கற்றலின் மீது பெற்றோர் சொன்ன குறை பல இடங்களில் இப்படித்தான் பிறந்தது. ஆகவே என் வேண்டுகோள் கல்வி அலுவலர்களிடம்தான். சுற்று நடக்கும் இரண்டு 90 நிமிடங்களில் பள்ளிக்குத் தொலைபேசி அழைப்போ விவரக் கேட்போ வேண்டாம். எது அவசரமானாலும் சாப்பாட்டு நேரம் வரை பொறுக்கட்டும்.

சட்டம் சொல்லும் இரண்டாம் ஆசிரியர் வந்த பிறகு மூலைகளைக் கலைத்துவிட்டு, ஒன்று முதல் மூன்று வரை உங்களுக்கு, நான்கும் ஐந்தும் எனக்கு என்று அறையைப் பிரித்துக்கொள்ளாதீர்கள். நான்கு குழுவும் நான்கு மூலையும் அப்படியே இருக்கட்டும். இணை மூலையை இரண்டாம் ஆசிரியர் பாயாக்குங்கள். ஒரு சுற்று கழித்து மறு சுற்று என்று ஒவ்வொரு குழுவும் ஆசிரியரிடம் வந்துபோகும். ஒரு பாடத்துக்கு 18 நிமிடம் என்பது 36 ஆகும். ஒரு பாயில் புதுப் பாடம், மறு பாயில் சன்னல் ஓரத்துப் பலகைகள்.